& குறியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

a, b, c மூன்றும் எங்காவது இருக்கும் வரிகள் வேண்டும். வரிசை எப்படி இருந்தாலும் சரி. வெட்டுக் குறி (&) உள்ள ரெஜெக்ஸில் நிபந்தனைகளை அடுக்கினால் போதும்:

```
(.*a.*)&(.*b.*)&(.*c.*)
```

வெட்டும், ‘இதற்குப் பொருந்தாதவை எல்லாம்’ என்று சொல்லும் நிரப்பியும் சேர்ந்ததுதான் விரிவுபட்ட ரெஜெக்ஸ். (grep -E-யில் இருக்கும் E-க்கும் விரிவு என்றுதான் பொருள். ஆனால் அதில் இவை இரண்டுமே கிடையாது!)

இவை இல்லாமலும் அதே வரிகளைப் பிடிக்கலாம். ஆனால் எல்லா வரிசையையும் எழுதியாக வேண்டும்:

```
.*a.*b.*c.*|.*a.*c.*b.*|.*b.*a.*c.*|.*b.*c.*a.*|.*c.*a.*b.*|.*c.*b.*a.*
```

மூன்று எழுத்துக்கு 6 வரிசை. பத்து எழுத்துக்கு 36,28,800. பொதுவான பகுதிகளை வெளியே எடுத்துச் சுருக்கலாமே என்று தோன்றும். ஓரளவு சுருங்கும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

m குறிகள் கொண்ட சாதாரண ரெஜெக்ஸை, வரியை எழுத்தெழுத்தாகப் படித்து நிலை மாறிக்கொண்டே போகும், m+1 நிலைகள் உள்ள தானியங்கியாக மாற்ற முடியும். ஒரு வரியின் முதல் பாதியில் S என்ற கணத்தின் எழுத்துகள் மட்டும், மறுபாதியில் மீதி எழுத்துகள் மட்டும் வருவதாக வைப்போம். தானியங்கி அதை ஏற்கும்; நடுவில் ஏதோ ஒரு நிலையில் நிற்கும். வேறொரு கணம் T-க்கும் நடுவில் அதே நிலை என்றால், ஒன்றின் முதல் பாதியோடு மற்றதன் மறுபாதியை ஒட்டினாலும் அது ஏற்றுவிடும். S-உம் T-உம் வேறு என்பதால், அப்படி ஒட்டிய இரண்டில் ஒன்றிலாவது ஓர் எழுத்து குறையும். அதை ஏற்பது தவறு. ஆகவே ஒவ்வொரு கணத்துக்கும் தனி நிலை வேண்டும்: n எழுத்துக்குக் குறைந்தது 2ⁿ. இருபது எழுத்து என்றால் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதினாலும் பத்து லட்சம் குறிகளுக்கு மேல் போகும். & உள்ள வடிவத்திலோ இருபது சிறு துண்டுகள்தான்.

நிரப்பி இதைவிட மோசம். ‘ஏற்பு’, ‘மறுப்பு’ நிலைகளை மாற்றிப் போட, தானியங்கி முதலில் ஒரே பாதையில் ஓடுவதாக இருக்க வேண்டும். அப்படி ஆக்கும்போதே k நிலைகள் 2-இன் k அடுக்கு வரை பெருகலாம். அதைத் திரும்ப ரெஜெக்ஸாக எழுதும்போது இன்னொரு அடுக்குப் பெருக்கம். நிரப்பிக்குள் நிரப்பி வைத்தால் 2-இன் அடுக்கின் மேல் அடுக்கு என்று கோபுரமாக ஏறும். இப்படிப்பட்ட இரண்டு ரெஜெக்ஸ்கள் சமமா என்று சோதிக்கும் நேரத்தை, உயரம் மாறாத எந்தக் கோபுரமும் தாங்காது என்று 1973-ல் ஸ்டாக்மேயரும் மேயரும் காட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கையில் இருக்கும் ஒரு வரி பொருந்துகிறதா என்று பார்க்க இந்த விரிப்பே தேவையில்லை. 1964-ல் பிர்சோசோவ்ஸ்கி சொன்ன வழியில், ஓர் எழுத்தைப் படித்ததும் மீதிக்கு என்ன நிபந்தனை என்று ரெஜெக்ஸையே மாற்றி எழுதிக்கொண்டு போகலாம். bca வருகிறது என்றால், b படித்ததும் (.*b.*) நிறைவேறி உதிர்ந்துவிடும், மிஞ்சுவது (.*a.*)&(.*c.*). c படித்ததும் .*a.* மட்டும். a வந்ததும் .* தான், அதற்கு எதுவும் பொருந்தும்.