புகார் கொடுத்த பிறகு ஷிஃப்ட் மாறினால்

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்வைசர் தவறாக நடந்துகொண்டதாக ஒரு பெண் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுக்கிறார். அதற்காக யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் அடுத்த வாரமே ஜெனரல் ஷிஃப்டிலிருந்து இரண்டாம் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். அது முடியும் நேரத்தில் ராயக்கோட்டைப் பக்கம் கம்பெனி பஸ் கிடையாது. ஓ.டி. பட்டியலிலும் பெயர் இல்லை. கேட்டால், "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா மாத்தினோம்" என்கிறார் எச்.ஆர்.

இந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-ன் 12-ஆம் பிரிவுப்படி, விசாரணை நடக்கும்போது அந்தப் பெண்ணையோ எதிர்த்தரப்பையோ இடம் மாற்றலாம், பெண்ணுக்கு மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்பும் தரலாம். ஆனால் அவர் எழுத்தில் கேட்டு, குழு பரிந்துரைத்தால்தான் இதெல்லாம். கேட்காமலே அவரை மாற்றிவிட்டு 'பாதுகாப்பு' என்றால் இந்தப் பிரிவு துணைக்கு வராது.

பழிவாங்கலா, வழக்கமான சுழற்சியா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: அதே லைனில் மற்றவர்களுக்கும் மாறியதா? எல்லாருக்கும் மாறியிருந்தால் வாதம் நிற்காது.

குறிப்பை வீட்டில் ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள்: தேதி, நேரம், யார், என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், "மிரட்டினார்" என்று சுருக்க வேண்டாம். புகாருக்கு முந்தைய மாதச் சம்பளச் சீட்டையும் பிந்தையதையும் சேர்த்து வையுங்கள்; ஓ.டி. குறைந்தது அதிலேயே தெரியும். செல்போனுக்குத் தடையுள்ள இடத்தில் ஷிஃப்ட் பட்டியலைப் படம் எடுக்காதீர்கள். மெமோ கொடுக்க அதுவே சாக்காகிவிடும். பார்த்து எழுதிக்கொண்டால் போதும்.

அப்புறம் கடிதம். குழுத் தலைவருக்கு எழுதி, நகலை நிர்வாகத்துக்குக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும்:

"இந்தத் தேதியில் புகார் கொடுத்தேன். இந்தத் தேதி முதல், நான் கேட்காமலே, எங்கள் லைனில் என் ஷிஃப்ட் மட்டும் மாற்றப்பட்டது. ஓ.டி.யும் நிறுத்தப்பட்டது. பழைய ஷிஃப்டைத் திரும்பத் தரக் கேட்டுக்கொள்கிறேன். எதிர்த்தரப்பு என் வேலையை மதிப்பிடாதபடி செய்யவும் 12-ஆம் பிரிவின் கீழ் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரி முக்கியம். எதிர்த்தரப்பு மதிப்பீடு எழுதுவதைத் தடுத்து வேறொருவரிடம் ஒப்படைக்க, சட்ட விதிகளே குழுவுக்கு இடம் தருகின்றன. குழு பரிந்துரைத்தால் நிர்வாகம் அதை நிறைவேற்றி, குழுவுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். புகார் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது சட்டம்.

பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலும், புகாரே முதலாளி மீது என்றாலும், மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு எழுத வேண்டும். கிருஷ்ணகிரியோ தருமபுரியோ, கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்தால் முகவரி கிடைக்கும்.