ரீடச் செய்த முகப்படத்துக்குள் என்னென்ன மிச்சமிருக்கிறது?

ஒரு முகப்படத்தை மென்பொருளில் திறக்கிறோம். பருக்களை நீக்கி, பின்னணியைக் க்ராப் செய்து, சருமத்தின் நிறத்தைச் சரிசெய்து ஜேபெக் கோப்பாகச் சேமிக்கிறோம். இதில் மாறுவது படம் மட்டும்தான். கேமரா எழுதிய குறிப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், மென்பொருளும் தன் பங்குக்குச் சிலவற்றைச் சேர்த்திருக்கும். அதனால், ரீடச் செய்த கோப்பு சில சமயம் அசலைவிட அதிகம் சொல்லிவிடும்.

ஜேபெக் கோப்பின் தொடக்கத்தில், படத்தின் தரவுக்கு முன்னால், தனித்தனிப் பகுதிகள் உண்டு. கேமரா எழுதுவது எக்சிஃப் பகுதியில். சாதனத்தின் மாடல், எடுத்த நேரம், சில கேமராக்களில் சீரியல் எண், போன் என்றால் ஜிபிஎஸ் இடம் எல்லாம் அங்கே இருக்கும். அட்சரேகையில் ஒரு விநாடி என்பது தரையில் ஏறக்குறைய 31 மீட்டர். போன்கள் விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை எழுதுகின்றன. ஜிபிஎஸ் சில மீட்டர் தவறினாலும் எந்த வீடு என்று கண்டுபிடிக்க அது போதும்.

ஃபோட்டோஷாப், லைட்ரூம் போன்றவை எக்ஸ்எம்பி என்ற இன்னொரு பகுதியில் எழுதுகின்றன. சில மென்பொருள்கள் எக்சிஃபில் உள்ள இடத்தையும் சீரியல் எண்ணையும் இங்கேயும் நகலெடுத்து வைக்கும். எக்சிஃபை மட்டும் அழிக்கும் எளிய செயலிகள் கோட்டைவிடுவது இங்கேதான். போனில் பகிரும்போது ‘இடம் வேண்டாம்’ என்று தேர்ந்தெடுத்தாலும், சாதன விவரம் பல நேரம் கூடவே போய்விடும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவி நல்லது:

```
exiftool -a -G1 -s portrait.jpg
```

ஒவ்வொரு வரியும் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்பதை `-G1` காட்டும். `[GPS]` என்று தொடங்கும் வரிகளை எல்லோரும் தேடுவார்கள். `[XMP-exif]`, `[XMP-aux]` வரிகளையும் பாருங்கள். `HistoryWhen` எப்போது திருத்தினீர்கள் என்பதைப் பெரும்பாலும் நேர மண்டலத்தோடு சொல்லும். `OriginalDocumentID` இன்னும் நுட்பமானது. ஒரே மூலக் கோப்பிலிருந்து வந்த பிரதிகளில் பொதுவாக இந்த எண் ஒன்றாகவே இருக்கும். சொந்தப் பெயரில் ஒன்றும் புனைபெயரில் ஒன்றும் பகிர்ந்தால், இரண்டையும் முடிச்சுப்போட இந்த ஒரு எண் போதும்.

முகப்படத்தில் எனக்கு அதிகம் பயம் தருவது தம்ப்நெயில்தான். எக்சிஃபுக்குள் ஒரு குட்டிப் படமும் இருக்கும். அதைப் புதுப்பிக்காமல் சேமிக்கும் மென்பொருள்கள் உண்டு. அப்படியானால் வெட்டிய பின்னணியும் திருத்துவதற்கு முந்தைய முகமும் அதில் அப்படியே இருக்கும். வெளியே எடுத்துப் பார்க்க:

```
exiftool -b -ThumbnailImage portrait.jpg > thumb.jpg
```

அப்புறம் அழிப்பது. முதலில் திருத்தும் மென்பொருளிலேயே படத்தின் நிறத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. ஐபோன் படங்கள் பெரும்பாலும் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் இருக்கும். அதன் நிற விவரக்குறிப்பையும் சேர்த்து அழித்தால் திரைகள் எண்களைத் தவறாகப் படிக்கும், சருமம் வெளிறித் தெரியும். அழிக்காமல் விட்டாலோ அந்தக் குறிப்பே தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லிவிடும். எஸ்ஆர்ஜிபி ஆக்கிவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. சரி, இப்போது:

```
exiftool -all= --icc_profile:all -o clean.jpg portrait.jpg
```

இது நிறக் குறிப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கும். படத்தை மறுபடி சுருக்காது, அதனால் தரம் குறையாது. `-o` இல்லாமல் ஓட்டினால் பழைய கோப்பு `portrait.jpg_original` என்ற பெயரில் அதே கோப்புறையில், எல்லா ரகசியங்களோடும் இருக்கும். கோப்புறையை மொத்தமாகப் பதிவேற்றுபவர்கள் இதில் மாட்டிக்கொள்ளலாம்.

முதல் கட்டளையை `clean.jpg` மீது மறுபடி ஓட்டுங்கள். கோப்பின் பெயர், அளவு, நிறக் குறிப்பு என்று சில வரிகளே மிஞ்ச வேண்டும். அதில் 1998, ஹியூலெட்-பேக்கர்ட் என்று தெரிந்தால் பதற வேண்டாம். பரவலாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி குறிப்பில் இருக்கும் காப்புரிமை வரி அது, உங்கள் கணினியைப் பற்றியதல்ல. தேதியும் நேரமும் கொண்ட கோப்புப் பெயரை மாற்ற நீங்கள்தான் நினைவு வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டளைகள் எட்டாத இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சென்சாரின் புள்ளிகளும் ஒளியைக் கொஞ்சம் வித்தியாசமாக ஏற்பதால், படத்திலேயே மெல்லிய இரைச்சல் தடம் பதிகிறது. இதைக் கொண்டு கேமராவை அடையாளம் காணும் முறையை ஜெசிகா ஃபிரிட்ரிக்கும் சக ஆய்வாளர்களும் 2006இல் விரிவாக வெளியிட்டார்கள். ஆனால் ஒப்பிட, அதே கேமராவில் எடுத்த வேறு படங்கள் வேண்டும். சருமத்தை மென்மையாக்குவதும் படத்தைச் சிறிதாக்குவதும் அந்தத் தடத்தை மங்கவைக்கும், ஆனால் முழுக்க அழித்துவிடும் என்று நம்ப முடியாது.