34 டிகிரியில் அளந்தாலும் கணக்கு 20-க்குத்தான்

சித்திரை வெயிலில் கஞ்சிக்கோட்டில் ஏசி இல்லாத ஒரு லேத் பட்டறை 34 டிகிரியில் இருப்பது சாதாரணம். அங்கே கடைந்த அலுமினிய வார்ப்பு வாளையாறு தாண்டி கோயம்புத்தூருக்குப் போகிறது. வாங்குகிறவர் அதை 20 டிகிரியில் வைத்த ஏசி அறையில் அளந்து, துளை சிறியது என்று திருப்பி அனுப்புகிறார். "இங்க அளந்தப்போ சரியாத்தானே இருந்துச்சு" என்கிறார் கடைந்தவர். அவர் பார்த்த ரீடிங் பொய்யில்லை. அந்த ரீடிங்கை 20 டிகிரிக்கு மாற்றாமல் விட்டதுதான் சிக்கல்.

வரைபடத்தில் 100 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், பொருள் 20 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது 100 என்று அர்த்தம். வேறு வெப்பநிலை குறிப்பிட்டிருந்தால் தவிர, இதுதான் விதி. ஒரு காலத்தில் மீட்டர் கட்டைக்கு 0 டிகிரி, இங்கிலாந்தின் கெஜத்துக்கு 62 டிகிரி ஃபாரன்ஹீட் என்று ஆளுக்கொரு கணக்கு இருந்தது. தொழிற்சாலை அளவுகளுக்கு 20 டிகிரி என்று 1931-இல் சர்வதேச அளவில் முடிவானது. மனிதர்கள் வேலை செய்யத் தோதான சூடு, முழு எண், அவ்வளவுதான். இரும்புக்கு 20-இல் தனி மகத்துவம் ஏதும் இல்லை.

சரி, அந்த வார்ப்புக்கு வருவோம். துளை 100 மில்லிமீட்டர். 0 முதல் +35 மைக்ரான் வரை கூடலாம். 100 மில்லிமீட்டர் ஸ்லிப் கேஜை ஹோல்டரின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் பூட்டி, அதில் போர் கேஜின் டயலைப் பூஜ்யத்தில் வைக்கிறார்கள். பிறகு அதே போர் கேஜைத் துளைக்குள் விட்டால் +10 மைக்ரான் காட்டுகிறது. பாஸ்.

ஆனால் அந்த நேரத்தில் இரண்டு உலோகங்களும் 20-ஐ விட 14 டிகிரி அதிகச் சூட்டில் இருக்கின்றன. ஸ்லிப் கேஜ் எஃகு, ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 11.5 பங்கு நீளும். 100 மில்லிமீட்டருக்கு 14 டிகிரியில் அது 16 மைக்ரான். வார்ப்பு அலுமினியத்துக்கு அந்தப் பங்கு ஏறக்குறைய 22. ஆகவே துளை 31 மைக்ரான் விரிந்திருக்கிறது. சூடானால் உலோகம் உள்பக்கமும் வீங்கித் துளை சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வார்ப்பு முழுவதும் ஒரே சூட்டில் இருந்தால், துளை உலோகத்தோடு சேர்ந்தே பெரிதாகும்.

அளவுகோல் 16 நீண்டது, துளை 31 விரிந்தது. இடையிலுள்ள 15 மைக்ரான் டயலில் கூடுதலாகத் தெரிகிறது. +10-இல் 15-ஐக் கழித்தால் -5. கோயம்புத்தூர்காரர் சொன்னது சரிதான், துளை சிறியது. இதே பட்டறையில் +42 காட்டுகிற வார்ப்பைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். உண்மையில் அது +27, நல்ல உருப்படி. எனக்கு அதிக வருத்தம் தருவது இந்த இரண்டாவது வகைதான், ஏனென்றால் அது யார் கண்ணிலும் படாமல் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

கணக்கை ஒரே வரியில் எழுதலாம்:

```
L20 = R + L × [αs × (ts − 20) − αp × (tp − 20)]
```

R என்பது பார்த்த அளவு, L என்பது பெயரளவு நீளம், α என்பது ஒரு டிகிரிக்கு நீளும் பங்கு, t என்பது வெப்பநிலை, s ஸ்லிப் கேஜுக்கு, p உருப்படிக்கு. சாதாரண எஃகுத் தண்டை எஃகு ஸ்லிப் கேஜோடு ஒரே சூட்டில் ஒப்பிட்டால் அடைப்புக்குள் இருப்பது கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால்தான் எஃகு வேலை மட்டும் செய்கிற பட்டறைகளுக்கு இந்தத் தொந்தரவு தெரிவதே இல்லை. 304 ஸ்டெயின்லெஸ் வந்துவிட்டால் கதை மாறும். அதன் பங்கு 17-ஐ ஒட்டி இருப்பதால் இதே நீளத்துக்கு 8 மைக்ரான் வேறுபடும்.

கணக்குத்தான் இருக்கிறதே, அப்புறம் ஏசி அறை எதற்கு? அந்த 22 என்ற எண்ணை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சிலிக்கான் கொஞ்சம் கூடினால் அது 21 ஆகலாம். ஸ்லிப் கேஜ் எஃகுக்கே ஐஎஸ்ஓ 3650 தரம் 11.5-க்கு மேலும் கீழும் ஒன்று அனுமதிக்கிறது. அந்த ஒரு பங்குத் தவறு 34 டிகிரியில் 1.4 மைக்ரான். 21 டிகிரியில் அதே தவறு வெறும் 0.1 மைக்ரான். 20-ஐ நெருங்க நெருங்க, பொருளைப் பற்றி நமக்குத் தெரியாதது அளவைக் கெடுப்பது குறைகிறது.

இன்னொரு தவறு, tp என்ற இடத்தில் அறையின் சூட்டைப் போடுவது. மெஷினிலிருந்து இப்போதுதான் இறங்கிய வார்ப்பு 37-இல் இருந்தால் துளை மேலும் 6 மைக்ரானுக்கு மேல் விரிந்திருக்கும். வெறுங்கையில் பிடித்த ஸ்லிப் கேஜ் 3 டிகிரி ஏறினால் 3 மைக்ரானுக்கு மேல் நீளும். அப்போது துளை சிறியதாகத் தெரியும். எனவே தொடு முனையுள்ள வெப்பமானியை உருப்படியின் மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே சர்ஃபேஸ் பிளேட்டில் விட்டு, அரை மணி கழித்து டயலைத் திரும்பப் பூஜ்யம் வைத்து அளக்கலாம். ரீடிங் நகர்ந்திருந்தால் சூடு இன்னும் சமமாகவில்லை, காத்திருக்க வேண்டும். நின்றுவிட்டால் ts, tp, எடுத்துக்கொண்ட பங்குகள் நான்கையும் ரிப்போர்ட்டில் எழுதி அனுப்பினால், வாங்குகிறவர் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்த்துக்கொள்வார்.