டிஸ்கனெக்ட் ஆகாமல் வேறு உலகத்துக்கு: மைன்கிராஃப்ட் பிராக்ஸி எப்படி வேலை செய்கிறது?

நண்பர்களுக்காக மைன்கிராஃப்ட் சர்வர் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஆரம்பத்துல பத்துப் பேர் விளையாடினோம். இப்ப சாயங்காலம் ஆனா அறுபது எழுபது பேர் வர்றாங்க, ஒரே லேக். பெரிய சர்வர்கள்ல லாபியில நின்னுக்கிட்டு `/server survival` அடிச்சா, டிஸ்கனெக்ட் ஆகாமலே வேற உலகத்துல போய் நிக்கிறோமே, அது எப்படி? நாங்களும் அப்படிப் பிரிக்கலாமா?"

பிரிக்கலாம். ஆனால் முதலில் லேக் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் நொடிக்கு 20 முறை உலகத்தை ஒரு படி நகர்த்துகிறது. ஒவ்வொரு படிக்கும், அதாவது ஒவ்வொரு டிக்குக்கும், கிடைப்பது 50 மில்லிநொடி. ஸாம்பி நடப்பது, பயிர் வளர்வது, ரெட்ஸ்டோன், ஹாப்பர் என்று பெரும்பாலான வேலையை ஒரே ஒரு மெயின் திரெட் வரிசையாகச் செய்து முடிக்க வேண்டும். அதனால்தான் 16 கோர் உள்ள மெஷின் வாங்கினாலும் அதில் ஒரு கோர் மட்டும் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, மற்றவை பெரும்பாலும் சும்மா இருக்கும். லேக் வந்தாலே "ரேம் கூட்டு" என்று சொல்லும் பழக்கம் இந்த வட்டாரத்தில் கிட்டத்தட்ட ஒரு மூடநம்பிக்கையாகவே ஆகிவிட்டது, அதை நம்பி மாதாமாதம் கூடுதல் பணம் கட்டும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பேப்பர் என்ற சர்வர் மென்பொருளை ஓட்டுகிறீர்கள் என்றால் `/mspt` அடித்துப் பாருங்கள். ஒரு டிக்குக்கு ஆகும் நேரம் தொடர்ந்து 50-ஐத் தாண்டினால் நேரம்தான் போதவில்லை. ரேம் உண்மையிலேயே தீர்ந்துபோயிருந்தால் ஒழிய, அதைக் கூட்டுவதால் பெரிதாக எதுவும் மாறாது. சர்வைவலை ஒரு சர்வராகவும் ஸ்கைபிளாக்கை இன்னொன்றாகவும் ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் சொந்த மெயின் திரெட், சொந்த 50 மில்லிநொடி. அதுதான் பிரிப்பதன் பயன்.

சரி, லாபியையும் சேர்த்து மூன்று சர்வர் என்றால் மூன்று முகவரியா? இங்கேதான் பிராக்ஸி வருகிறது: எல்லோரையும் ஒரே வாசலில் வாங்கி, பின்னால் உள்ள சர்வர்களுக்குக் கடத்திவிடும் இடையாள் நிரல். 2012-இல் வந்த பஞ்சிகார்ட் இதில் பழைய ஆள், 2018-இல் தொடங்கிய வெலாசிட்டி இப்போது புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது. `velocity.toml`-இல் முக்கியமான வரிகள் இவ்வளவுதான்:

```
bind = "0.0.0.0:25565"
online-mode = true
player-info-forwarding-mode = "modern"

[servers]
lobby = "127.0.0.1:30066"
survival = "127.0.0.1:30067"
skyblock = "127.0.0.1:30068"
try = ["lobby"]
```

வெளியுலகத்துக்குத் தெரிவது 25565 மட்டும். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் லாபிக்குப் போவார்கள் என்கிறது `try`. சர்வைவல் கிராஷ் ஆனால், அதில் இருந்தவர்களை வெளியே தள்ளாமல் லாபிக்கே கொண்டுவந்து விடவும் வெலாசிட்டியில் ஒரு அமைப்பு உண்டு. லாபி பெரும்பாலும் வெற்று உலகம், மிருகமும் கிடையாது பயிரும் கிடையாது, அதனால் அதற்குச் செலவே இல்லை.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருவோம். கவின் என்று ஒரு பிளேயரை வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய கேம் பிராக்ஸியோடு ஒரு டிசிபி இணைப்பைத் திறக்கிறது. பிராக்ஸி, மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங்கிடம் கேட்டு இவன் உண்மையான கவின்தானா என்று உறுதி செய்துகொள்கிறது, அப்புறம் தானே ஒரு கேம் போல நடித்து லாபி சர்வரோடு இரண்டாவதாக ஓர் இணைப்பைத் திறக்கிறது. கவினின் கேமுக்கு லாபி என்று தனியாக ஒன்று இருப்பதே தெரியாது, அதைப் பொறுத்தவரை எதிரில் ஒரே ஒரு சர்வர்தான்.

கவின் `/server survival` என்று அடிக்கிறான். இந்தக் கட்டளை லாபிக்குப் போவதே இல்லை, பிராக்ஸியே பிடித்துக்கொள்கிறது. அது சர்வைவலோடு மூன்றாவது இணைப்பைத் திறந்து கவின் பெயரில் உள்ளே நுழையப் பார்க்கிறது. இந்த நேரம் முழுக்க லாபி இணைப்பு உயிரோடுதான் இருக்கிறது, அதனால் சர்வைவல் நிரம்பியிருந்தாலோ ஒயிட்லிஸ்டில் அவன் பெயர் இல்லாவிட்டாலோ சாட்டில் சிவப்பாக ஒரு வரி வருவதோடு சரி, அவன் லாபியிலேயே நிற்பான். சர்வைவல் ஏற்றுக்கொண்டால் "நீ உள்ளே வந்துவிட்டாய், உன் எண் 7" என்று ஒரு பாக்கெட் அனுப்பும். உலகத்தில் அசையும் ஒவ்வொன்றுக்கும், பிளேயர் உட்பட, சர்வர் ஒரு எண் கொடுக்கிறது. லாபி அவனுக்குக் கொடுத்திருந்தது 41.

சிக்கல் என்னவென்றால், மைன்கிராஃப்ட் கேமுக்கு "சர்வர் மாறுகிறது" என்கிற கருத்தே நெடுங்காலம் கிடையாது. ஆனால் உலகம் மாறுவது தெரியும். நெதர் போர்ட்டலுக்குள் போனால் சர்வர் ஒரு ரெஸ்பான் பாக்கெட் அனுப்பும், கேம் உடனே பழைய உலகத்தின் சங்க்குகளையும் மிருகங்களையும் குப்பையில் போட்டுவிட்டு வெறுமையாகக் காத்திருக்கும். பிராக்ஸி எழுதியவர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். லாபியும் சர்வைவலும் இரண்டுமே சாதாரண உலகம் என்றால், அதே உலகத்துக்கு ரெஸ்பான் அனுப்பினால் பழையது முழுதாகப் போகும் என்று நம்ப முடியாது. ஆகவே பிராக்ஸி முதலில் "நீ வேறொரு உலகத்துக்குப் போகிறாய்" என்று ஒரு பொய் ரெஸ்பான், அடுத்த நொடியே "திரும்பி வந்துவிட்டாய்" என்று உண்மையான ரெஸ்பான், இரண்டையும் அடுத்தடுத்து அனுப்புகிறது. கேம் லாபியை மறந்துவிடுகிறது, அதன் பிறகு சர்வைவல் அனுப்பும் நிலமும் மரமும் வந்து நிரம்புகின்றன. நீங்கள் பார்ப்பது ஒரு கணம் தோன்றி மறையும் லோடிங் திரை மட்டும்.

எண்ணுக்கு என்ன செய்வது? பஞ்சிகார்டின் பழைய வழி, கேம் தன்னை 41 என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டு, போகிற வருகிற பாக்கெட்டுகளில் 7-ஐ 41 ஆகவும் 41-ஐ 7 ஆகவும் மாற்றிக்கொண்டே இருப்பது. புது பதிப்பில் மோஜாங் ஒரு பாக்கெட்டின் அமைப்பை மாற்றி, அதற்கான மாற்று விதியைப் பிராக்ஸியில் எழுதாமல் விட்டால் விசித்திரமான கோளாறு வரும். உதாரணத்துக்கு, அடி வாங்கினால் பின்னால் தள்ளும் பாக்கெட் 7 என்ற எண்ணோடு வந்து சேரும், கேமோ "7 யாரோ, நான் 41" என்று விட்டுவிடும். கவினுக்கு உயிர் குறையும், ஆனால் நின்ற இடத்திலிருந்து அசைய மாட்டான். வெலாசிட்டி இந்த வேலையையே வேண்டாம் என்று விட்டு, "உள்ளே வந்துவிட்டாய், எண் 7" என்ற பாக்கெட்டையே கேமுக்கு மறுபடி கொடுத்துவிடுகிறது. கேம் அதை ஏற்றுத் தன்னை 7 என்று மாற்றிக்கொள்கிறது. 2023 செப்டம்பரில் வந்த 1.20.2 பதிப்பில் மோஜாங்கே, விளையாட்டின் நடுவில் கேமை மறுபடி அமைப்பு நிலைக்குக் கொண்டுபோகும் வழியைச் சேர்த்தது, அதற்குப் பிறகு சர்வர் மாற்றுவது இன்னும் சுத்தமாக நடக்கிறது. இந்த வித்தைகளையெல்லாம் கண்டுபிடித்தது கூலி வாங்காமல் வேலை செய்த தனி ஆட்கள். அவர்கள் உழைப்பின் மேல் ஹோஸ்டிங் கம்பெனிகள் மாதாமாதம் சம்பாதிக்கின்றன, அதில் ஒரு பங்கு இந்தத் திட்டங்களுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி அடையாளம். மோஜாங்கிடம் சரிபார்ப்பது பிராக்ஸி என்பதால் பின்னால் உள்ள மூன்று சர்வர்களிலும் `online-mode=false` என்று வைத்தாக வேண்டும். அப்படியென்றால் அவை யார் எந்தப் பெயர் சொன்னாலும் நம்பும். பழைய முறையில் பிராக்ஸி உங்கள் ஐபியையும், ஒவ்வொரு பிளேயருக்கும் உரிய அடையாள எண்ணான யூயூஐடியையும் முதல் பாக்கெட்டில் உள்ள முகவரியின் வாலில் ஒட்டி அனுப்பியது, அதில் கையெழுத்து எதுவும் கிடையாது. 30067 போர்ட் வெளியே திறந்திருந்தால் எவனும் அங்கே நேராக வந்து அட்மினின் யூயூஐடியை ஒட்டிக்கொண்டு அட்மினாகவே உள்ளே வந்துவிடலாம். வெலாசிட்டியின் `modern` முறையில் அதே தகவல் `forwarding.secret` கோப்பில் உள்ள ரகசியத்தால் கையெழுத்திட்டுப் போகிறது. அந்த ரகசியத்தை ஒவ்வொரு பேப்பர் சர்வரின் `paper-global.yml`-இலும் `velocity` என்ற பகுதியில் போட்டு அதை இயக்க வேண்டும். நேராக வந்தவனுக்கு "This server requires you to connect with Velocity." என்று கதவடைப்பு, ரகசியம் பொருந்தாவிட்டால் "Unable to verify player details". இருந்தாலும் `server.properties`-இல் `server-ip=127.0.0.1` போடுவதை விட்டுவிடாதீர்கள், எல்லாம் ஒரே மெஷினில் ஓடும் வரை அதைவிட எளிய பூட்டு இல்லை.

இந்தத் தகவல் கடத்தலை இயக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எல்லோருடைய ஸ்கினும் போய்விடும், சர்வர் லாகில் எல்லோருக்கும் ஒரே ஐபி, 127.0.0.1. அந்த நிலையில் ஒருவனை ஐபி பேன் செய்தால் அத்தனை பேரும் வெளியே. பழைய ஆட்கள் "என் பொருளெல்லாம் காணோம்" என்று வருவார்கள். `playerdata` ஃபோல்டரைத் திறந்து கோப்புப் பெயர்களாக இருக்கும் யூயூஐடிகளில், கோடுகளால் பிரிந்த மூன்றாவது பகுதியைப் பாருங்கள்: 4-இல் தொடங்கினால் மோஜாங் கொடுத்த அடையாளம், 3-இல் தொடங்கினால் வெறும் பெயரிலிருந்து சர்வரே கணக்கிட்டது. இரண்டு வகையும் கலந்து கிடந்தால் கடத்தல் இடையில் நின்றிருக்கிறது. பொருள் எங்கும் போகவில்லை, 4-இல் தொடங்கும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது, அமைப்பைச் சரிசெய்தால் திரும்பி வந்துவிடும்.

கடைசியாக, பிரித்தவுடன் எல்லோரும் ஆசைப்படுவது: இரண்டு சர்வைவல் சர்வர் வைத்து, பை மட்டும் பொதுவாக இருக்க வேண்டும். பிராக்ஸி இதைச் செய்யாது, ஒவ்வொரு சர்வரும் தன் `playerdata`-வை மட்டுமே பார்க்கும். டேட்டாபேஸில் வைத்துப் பகிரும் பிளகின்கள் உண்டு, ஆனால் மேலே சொன்ன வரிசையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். புது சர்வர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் பழைய இணைப்பு அறுகிறது, பழைய சர்வர் அவன் பையைச் சேமிப்பதோ அவன் வெளியேறும்போதுதான். ஆக புது சர்வர் படிப்பது சேமிப்பதற்கு முந்தைய பழைய பையாக இருந்துவிடலாம். கவின் முதல் சர்வரில் 64 வைரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு உடனே மாறினால், அப்போது பெட்டியிலும் 64, புது சர்வரில் அவன் கையிலும் 64. இதைக் கண்டுபிடித்தவன் ஒரே ராத்திரியில் உங்கள் சர்வரின் சந்தையை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவான். எனவே பிளகின் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: பழைய சர்வர் "எழுதிவிட்டேன்" என்று குறி வைக்கும் வரை புது சர்வர் அவனைப் பையைத் தொட விடாமல் நிறுத்தி வைக்கிறதா? அதைச் சோதிக்க, ஒரு பொருளைப் பெட்டியில் போட்ட கையோடு `/server` அடித்துப் பாருங்கள், சாயங்காலம் கூட்டம் இருக்கும் நேரத்தில். டேட்டாபேஸ் மெதுவாக இருக்கும்போதுதான் இந்த ஓட்டை வாயைத் திறக்கும்.