தற்காப்பு எந்த நொடியில் குற்றமாகிறது?

இரவு இரண்டு மணி. ஒருவன் காம்பவுண்டு சுவர் ஏறிக் குதிக்கிறான். கடப்பாரையால் சமையலறை ஜன்னல் கம்பியை நெம்பி வீட்டுக்குள் இறங்குகிறான். சத்தம் கேட்டு எழுந்த வீட்டுக்காரர் மூலையில் கிடந்த இரும்புக் கம்பியைக் கையில் எடுக்கிறார். அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்தக் கம்பி எங்கே, எப்போது இறங்குகிறது என்பதைப் பொறுத்து, அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லாமல் போகலாம். கொலை வழக்கில் ஆயுள் தண்டனையும் கிடைக்கலாம்.

இது கற்பனைச் சம்பவம்தான். ஆனால் தற்காப்பு உரிமை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இதைவிட வசதியான உதாரணம் கிடைக்காது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. எண் மாறியதே தவிர, உள்ளே இருப்பது பெரும்பாலும் 1860இல் எழுதப்பட்ட அதே சட்டம்தான்.

பலரும் நினைப்பது இது: “என் வீட்டுக்குள் வந்தவனை நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.” சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறது. வந்த ஆபத்து எந்த வகை? அடி விழுந்த நேரத்தில் அந்த ஆபத்து இருந்ததா? முதல் கேள்வி, எதிரிக்கு அதிகபட்சம் எவ்வளவு தீங்கு செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, உரிமை உயிரோடு இருந்ததா என்பதைத் தீர்மானிக்கிறது. வழக்குகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் சறுக்குகின்றன.

நம் திருடனிடம் வருவோம். அவன் காம்பவுண்டுக்குள் நிற்கும் மோட்டார் சைக்கிளை மட்டும் தள்ளிக்கொண்டு போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அது திருட்டு. தடுக்கலாம், தள்ளிவிடலாம், வண்டியைப் பிடுங்கலாம், தேவைப்பட்டால் அடிக்கவும் செய்யலாம். ஆனால் உயிரை எடுக்கும் உரிமை இல்லை. வெறும் பொருளுக்காக ஓர் உயிரைப் பறிக்க அனுமதி கிடையாது. அவன் கத்தியை உருவிக்கொண்டு வண்டியை எடுத்தால் கதை வேறு. அப்போது ஆபத்து வண்டிக்கு மட்டுமல்ல, தடுக்கப் போனவரின் உடம்புக்கும்தான்.

ஜன்னல் கம்பியை நெம்பி உள்ளே வந்ததுமே நிலைமை மாறிவிடுகிறது. சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் வீட்டை உடைத்து நுழைவதை 41ஆம் பிரிவு தனியாகக் குறிப்பிடுகிறது. கொள்ளை, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது ஆகியவற்றோடு இதற்கும், தேவைப்பட்டால் மரணம் விளைவிக்கும் அளவு வரை தடுக்க உரிமை உண்டு. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘உடைத்து நுழைவது’ என்பதற்குச் சட்டத்தில் குறிப்பிட்ட வழிகள் உண்டு: ஆள் போவதற்கு இல்லாத வழியாக நுழைவது, பூட்டைத் திறப்பது, தாக்கியோ மிரட்டியோ நுழைவது என்று. காற்றுக்காகத் திறந்து போட்டிருந்த வாசல் கதவு வழியாகச் சாதாரணமாக நடந்து வந்தவன் அத்துமீறி நுழைந்தவன்தான், ஆனால் உடைத்து நுழைந்தவன் அல்ல. அவனால் உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்ச இடமிருந்தால் மட்டுமே உச்ச அளவு பொருந்தும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருகிறவர் இந்த வித்தியாசத்தையெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார் என்பது உண்மைதான். அது நீதிமன்றத்துக்கும் தெரியும். அதைப் பின்னால் பார்ப்போம்.

உச்ச அளவு மரணம் வரை என்பதால் கொன்றுவிடலாம் என்று அர்த்தமில்லை. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக்கூடாது என்ற 37ஆம் பிரிவின் நிபந்தனை எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. இருட்டில் கடப்பாரையோடு எதிரே வருகிறவனின் தலையில் ஓங்கி ஓர் அடி விழுந்து அவன் இறந்துபோனால், தற்காப்பு என்ற வாதம் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதே அடியில் அவன் மயங்கி விழுந்து, கடப்பாரை கைக்கு எட்டாத தூரத்துக்கு உருண்டுபோய்விட்டது என்றால், அதன் பிறகு விழும் இரண்டாவது, மூன்றாவது அடிகளுக்கு வேறு கணக்கு.

இப்போது அவன் எழுந்து, வந்த ஜன்னல் வழியாகவே வெளியே குதிக்கிறான். கையில் நகைப் பை இருக்கிறது. வீட்டை உடைத்து நுழைந்ததால் கிடைத்த உரிமை, அவன் வீட்டுக்குள் இருக்கும் வரை மட்டுமே நீடிக்கும் என்று 43ஆம் பிரிவு சொல்கிறது. அவன் வெளியே போனதும் அது முடிந்தது. ஆனால் திருட்டைத் தடுக்கும் உரிமை இன்னும் இருக்கிறது. அவன் பொருளோடு தப்பிப் போய்ச் சேரும் வரையிலோ, பொருள் மீட்கப்படும் வரையிலோ, போலீஸ் உதவி கிடைக்கும் வரையிலோ அது தொடரும். துரத்தலாம், பிடித்து இழுத்துப் பையைப் பறிக்கலாம். ஓடுகிறவனின் பின்மண்டையில் கம்பியை வீசக்கூடாது. சில நொடிகளுக்கு முன்பு வீட்டுக்குள் நியாயமாக இருந்திருக்கக்கூடிய அடி, தெருவில் குற்றமாகிறது.

அப்புறம் அக்கம்பக்கத்தார் சேர்ந்து அவனைப் பிடித்து மின்கம்பத்தில் கட்டி வைக்கிறார்கள். இதற்குப் பிறகு விழும் எந்த அடிக்கும் தற்காப்பு என்ற பேச்சே இல்லை. யாருக்கும் ஆபத்து இல்லை, பொருள் கைக்கு வந்துவிட்டது, ஆள் பிடிபட்டுவிட்டான். கண்ணெதிரே இப்படிப்பட்ட குற்றம் செய்தவனைத் தனிநபர் பிடித்து வைக்கலாம். ஆனால் தேவையின்றித் தாமதிக்காமல், ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு. ‘தர்ம அடி’ என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் விஷயம், சட்டத்தின் கண்ணில் வெறும் காயப்படுத்தல். ஆள் இறந்துவிட்டால் கொலை வழக்கு. அடித்தவர்களில் பலருக்கு இது கைதாகும் அன்றுதான் தெரிகிறது.

உடம்புக்கு வரும் ஆபத்திலும் இதே அமைப்புதான். மரண பயம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை முயற்சி, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல்கள் 38ஆம் பிரிவில் பட்டியலாக இருக்கின்றன. அவற்றுக்கு எதிராக மரணம் வரை போகலாம். மற்றபடி ஒருவன் கன்னத்தில் அறைந்தான் என்பதற்காக அரிவாளை எடுக்க முடியாது. 2021இன் தொடக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில், கத்தியைக் காட்டிப் பாலியல் வன்முறைக்கு முயன்றவனை அவன் கத்தியாலேயே குத்திய இளம்பெண்ணைப் போலீஸே தற்காப்பு என்று ஏற்று விடுவித்தது. ஆனால் பெரும்பாலான வழக்குகளில் இந்தக் கேள்வி காவல் நிலையத்தில் முடிவதில்லை, நீதிமன்றம் வரை போகிறது.

சரி, உரிமை எப்போது தொடங்குகிறது? முதல் அடி நம் மேல் விழ வேண்டுமா? வேண்டாம். தாக்குதல் முயற்சியாலோ மிரட்டலாலோ நியாயமான அச்சம் ஏற்பட்ட உடனே தொடங்கிவிடுகிறது. 1952இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அம்ஜத் கான் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1948இல் மத்தியப் பிரதேசத்தின் கட்னி ஊரில் கலவரம். பக்கத்திலேயே இருந்த அண்ணன் தம்பி இருவரின் கடைகளில் ஒன்றுக்குள் கும்பல் புகுந்து சூறையாடிவிட்டது. அடுத்து அம்ஜத் கானின் கடைக் கதவில் தடிகளால் இடிக்கிறார்கள். உள்ளே அவருடைய குடும்பம். அவர் துப்பாக்கியால் சுட்டார். ஒருவர் இறந்தார், சிலர் காயமடைந்தார்கள். கும்பல் இன்னும் கதவை உடைத்து உள்ளே வரவில்லையே என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதம். கதவு உடையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் செய்ததைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து எடைபோட முடியாது என்றும் சொன்னது. தூக்கக் கலக்கத்தில் எழுந்தவரைப் பற்றி முன்பு சொன்னேனே, அவருக்கான இடம் இதுதான்.

ஆயுதத்துக்கு ஆயுதம் சமமாக இருக்க வேண்டும் என்பதும் தவறான எண்ணம். 1973இல் தேவ் நாராயண் வழக்கில், தடியால் தாக்கியவர்கள் மீது ஈட்டியைப் பயன்படுத்தியது அதிகம் என்று உயர் நீதிமன்றம் கருதியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தலையில் விழும் தடி அடியே ஆளைக் கொல்லப் போதும் என்றது. ஓடித் தப்பியிருக்கலாமே என்ற கேள்வியையும் நம் நீதிமன்றங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் போலீஸை நாட நேரம் இருந்ததா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். “நாளைக்கு உன்னை வெட்டுவேன்” என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனால் அது புகார் கொடுக்க வேண்டிய விஷயம். இன்றிரவே அவன் வீட்டுக்குப் போய் அவனை வெட்டினால் அது கொலைதான். தானாகப் போய்ச் சண்டையைத் தொடங்கியவருக்கும், இரு தரப்பும் ஆயுதத்தோடு மோதத் தயாராகப் போன இடத்திலும், பொதுவாக இந்த உரிமை கிடைப்பதில்லை.

இடையில் ஒரு படியும் உண்டு. நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொண்டவர், முன்கூட்டித் திட்டமிடாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமும் இல்லாமல், பதற்றத்தில் எல்லையைத் தாண்டி ஒருவரைக் கொன்றுவிட்டால், அது கொலைக் குற்றம் ஆகாது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். தண்டனை உண்டு, ஆனால் தூக்கு இல்லை. மயங்கிக் கிடந்தவன் மேல் விழுந்த அந்த இரண்டாவது அடி, ஒருவேளை இந்தப் படியில் வந்து நிற்கலாம். கட்டி வைத்து அடித்தவர்களுக்கு இந்தப் படி கிடைக்காது.

இதையெல்லாம் பின்னால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? காயங்கள்தான் முதல் சாட்சி. பிரேதப் பரிசோதனையில் காயம் முன்பக்கமா முதுகிலா, ஒன்றா பன்னிரண்டா, விழுந்த பிறகு விழுந்த அடியா என்று பார்ப்பார்கள். ரத்தம் எங்கே கிடந்தது, சமையலறையிலா தெருவிலா என்பது மேலே சொன்ன நிமிடக் கணக்கை அப்படியே காட்டிவிடும். அதே அளவு முக்கியம், தற்காத்துக்கொண்டவர் உடம்பில் இருக்கும் காயம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் அது ஏறிவிடும், வக்கீல்கள் ‘ஏ.ஆர். காப்பி’ என்று கேட்பது இதைத்தான். குற்றம் சாட்டப்பட்டவரின் பெரிய காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொல்லாவிட்டால், அவர்கள் சொல்லும் கதையையே நீதிமன்றம் சந்தேகிக்கும்.

தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு அதைச் சொல்பவருடையது. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய சுமை அரசுத் தரப்புக்கு மட்டும்தான். இவர் தரப்பு, அப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். அதைத் தன் சாட்சிகளை வைத்துத்தான் காட்ட வேண்டும் என்றும் இல்லை. அரசுத் தரப்புச் சாட்சிகளின் குறுக்கு விசாரணையிலிருந்தே எடுக்கலாம். பயத்தில் “நான் அங்கே இல்லவே இல்லை” என்று சாதித்தவருக்குக்கூட, பதிவான சாட்சியத்தில் தற்காப்பு தெரிந்தால் நீதிமன்றம் அந்த உரிமையைக் கொடுக்க முடியும்.