மாட்டுத்தாவணிக்கு எத்தனை தட்டு?

திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு நாள் பலகையில் ‘மாட்டுத்தாவணி’ என்று எழுதி, “இதைக் கைதட்டிக்கிட்டே சொன்னா எத்தனை தட்டு வரும்?” என்று கேட்டேன். தட்டிப் பார்க்காமலே பாதிப் பேர் ஏழு என்றார்கள். ஒரு பையன் மட்டும் ரெண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, “அஞ்சுதான் சார் வருது, ரெண்டு காணோம்” என்றான்.

அந்த ரெண்டும் எங்கே போயின என்பதுதான் விஷயம். ‘மா’ என்று சொல்லும்போது வாய் திறக்கிறது, காற்று தடையில்லாமல் வருகிறது, குரல் நன்றாகக் கேட்கிறது. அடுத்து வரும் ‘ட்’ அதற்கு நேரெதிர். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்கிறது, காற்று நின்றுவிடுகிறது. ‘ட்’ என்பதை மட்டும் தனியாகச் சொல்லிப் பாருங்கள். முன்னால் ஒரு ‘இ’யோ பின்னால் ஒரு ‘உ’வோ சேர்க்காமல் வாயில் வராது. தனியாக நிற்க முடியாததால் முன்னால் இருக்கும் உயிரொலியோடு ஒட்டிக்கொண்டு ‘மாட்’ என்று ஒரே தட்டாகிவிடுகிறது. அடுத்தது ‘டுத்’. பிறகு தா, வ, ணி. ஆக எழுத்து ஏழு, தட்டு ஐந்து.

ஒரு தட்டு என்றால் ஒரு உயிரொலி, அதோடு ஒட்டி வரும் மெய்கள். நம் எழுத்தில் இதை எண்ணுவது சுலபம். புள்ளி வைத்த எழுத்துகளைத் தள்ளிவிட்டு மீதியை எண்ணினால் போதும், ஏனென்றால் உயிர் இல்லாத இடத்தில்தான் புள்ளி வைக்கிறோம். ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்து இப்படி எண்ண முடியாது.

தாடைக்கு அடியில் கையை வைத்து, அது எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணச் சொல்வதும் உண்டு. ‘தா’வுக்குத் தாடை நன்றாக இறங்கும். ‘டு’வுக்கும் ‘ணி’க்கும் கையில் ஒன்றுமே படாது, ஏனென்றால் உகரமும் இகரமும் வாயை அதிகம் திறக்காமலே வருபவை. இந்த முறையில் செய்த பிள்ளைகள் மாட்டுத்தாவணிக்கு மூன்று என்று எழுதினார்கள். அதனால் நான் கைதட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

பயிற்சி 1: எத்தனை தட்டு?

வைகை, மல்லிகை, பரோட்டா, ஜிகர்தண்டா, தெப்பக்குளம், இரண்டு, ஸ்கூல்

விடை

வை-கை 2. மல்-லி-கை 3. ப-ரோட்-டா 3, நம் ஊர் வழக்கில் ‘புரோட்டா’ என்றாலும் அதே மூன்றுதான். ஜி-கர்-தண்-டா 4. தெப்-பக்-கு-ளம் 4.

கடைசி ரெண்டும் வேண்டுமென்றே வைத்தவை. ‘இரண்டு’ என்று எழுத்தைப் பார்த்து வாசித்தால் இ-ரண்-டு, மூன்று. பேச்சில் ‘ரெண்டு’ ஆகிவிட்டால் ரெண்டே தட்டு. தட்டு என்பது காகிதத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. எப்படிச் சொன்னார்களோ அந்தக் கணக்குதான் சரி, அதனால் ரெண்டு விடைக்கும் மதிப்பெண் உண்டு. ‘ஸ்கூல்’ இன்னும் வேடிக்கை. புள்ளியைத் தள்ளி எண்ணினால் ஒன்றுதான். ஆனால் சொல்லின் தொடக்கத்திலேயே மெய் நிற்பதால் அது ஒட்டிக்கொள்ள முன்னால் உயிர் கிடையாது. எங்கள் பிள்ளைகள் வாய் அதற்கு ஒரு ‘இ’யை முன்னால் கொடுத்து, கடைசியில் ஒரு ‘உ’வும் சேர்த்து இஸ்-கூ-லு என்று மூன்றாக்கிவிடுகிறது. தமிழ் வாய் கடன்சொல்லை எப்படி வளைக்கிறது என்பது அதில் அப்படியே தெரிகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில வினாத்தாள்களில் இந்தத் தட்டையே ‘அசை’ என்று போட்டுவிடுகிறார்கள். செய்யுள் இலக்கணத்தில் வரும் அசை வேறு கணக்கு. அங்கே பின்னால் ஒற்று இல்லாத குறில் அடுத்த எழுத்தையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ‘மதுரை’க்குத் தட்டு மூன்று, ம-து-ரை. அசையோ ரெண்டு: ‘மது’ நிரை, ‘ரை’ நேர், சேர்ந்தால் புளிமா. தெப்பக்குளத்துக்குத் தட்டு நான்கு, அசை மூன்று, ஏனென்றால் ‘குளம்’ ஒன்றாகிவிடுகிறது. ‘வைகை’க்கோ ரெண்டு கணக்கும் ஒன்றே. வினாவில் எது கேட்கப்படுகிறது என்று தெரியாவிட்டால் சரியாகச் செய்த பிள்ளைக்கும் தப்பு விழும்.

அடுத்தது ஒலி ஒத்துப்போவது. பிள்ளைகள் காது முதலில் பிடிப்பது சொல்லின் கடைசியை. அதற்கு இயைபு என்று பெயர். தமிழ்ப் பாட்டு அதைவிட அதிகமாகப் பிடித்துக்கொண்டது எதுகையை. ரெண்டாம் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். அதாவது குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். முதல் பாதியை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், பின்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

பயிற்சி 2: எதுகையைக் கண்டுபிடி

1. பட்டு: கட்டு, பாட்டு, பந்து
2. சித்திரை: மாத்திரை, நித்திரை, சிவப்பு
3. மல்லிகை: வைகை, வல்லினம், மதுரை
4. மதுரை: குதிரை, புதுமை, மல்லிகை

விடை

முதலாவது, கட்டு. பாட்டிலும் ரெண்டாம் எழுத்து ‘ட்’தான், அப்புறம் ஏன் சேராது? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு, ஒற்றுக்கு அரை. ‘பட்’ ஒன்றரையில் முடிகிறது, ‘பாட்’ ரெண்டரை வரை இழுக்கிறது. ரெண்டு சொல்லையும் ஒரே தாளத்தில் தொடங்கினால் பட்டின் ‘ட்’ முன்னாலேயே விழுந்துவிடும், பாட்டின் ‘ட்’ ஒரு மாத்திரை பிந்தி வரும். எழுத்து ஒன்றானாலும் தாளத்தில் இடம் தப்பிவிடுகிறது.

இரண்டாவது, நித்திரை. மாத்திரை என்று எழுதினவர்கள்தான் அதிகம். கடைசி ‘திரை’ ஒத்துப்போவதால் காது ஏமாறுகிறது. அது இயைபு, ‘மா’ நெடில், ‘சி’ குறில் என்பதால் எதுகை இல்லை. சிவப்பு என்று எழுதினவர்கள் முதல் எழுத்தைப் பார்த்திருக்கிறார்கள், அது மோனை.

மூன்றாவது, வல்லினம். மல்லி, வல்லி என்று நிறுத்திச் சொன்னால் உடனே கேட்கும். வைகைக்கு ‘கை’ மட்டும்தான் ஒப்பு.

நான்காவது, புதுமை. ‘மது’, ‘புது’ என்று ரெண்டாம் எழுத்து அப்படியே ‘து’. ஆனால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் குதிரை என்றுதான் எழுதினார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ‘ரை’யில் முடிவதால் இயைபு இருக்கிறது. ரெண்டாம் எழுத்து ‘து’வும் ‘தி’யும் தகர வரிசையில் வருபவை, அதை வருக்க எதுகை என்று இலக்கணமே ஏற்றுக்கொள்கிறது. அதனால் புதுமைக்கு முழு மதிப்பெண், குதிரைக்கு அரை. “அப்ப மருதைன்னு சொன்னா, சார்?” என்று அந்தப் பையன் மறுபடியும் கேட்டான். ஊர்ப் பேரை அப்படிச் சொல்கிறவர்கள் ‘த’வையும் ‘ர’வையும் இடம் மாற்றிவிடுகிறார்கள். தட்டு அதே மூன்றுதான், ஆனால் ரெண்டாம் எழுத்து ‘ரு’ ஆகிவிட்டதால் புதுமையோடு சேராது. ‘குருவி’யோடு சேரும்.