ஓசிஐ அட்டையும் கேமராவும்: செய்தி சேகரிக்க ஊருக்கு வருபவர்களுக்கு

வேலூரில் வெளிநாட்டவர் பதிவு தொடர்பான ஆவணப் பணிகளைச் செய்து வருகிறேன். என் மேசைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வங்கதேச நோயாளிகளும், அவர்களைத் தங்க வைக்கும் விடுதி நடத்துநர்களும், விஐடியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களும்தான். பத்திரிகையாளர்கள் எப்போதாவது ஒருவர் வருவார். அப்படி வந்தவர்களில் வெள்ளைக்காரர்களைவிட அதிகமாகச் சிக்கலில் மாட்டியவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையை வைத்திருப்பவர்கள்.

அதற்குக் காரணம் எளிது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் நிருபர் தமக்கு ஜே விசா என்னும் பத்திரிகையாளர் விசா வேண்டும் என்று தெரிந்தே வருகிறார். அவருடைய அலுவலகமே அதைக் கவனித்துக்கொள்கிறது. ஓசிஐ வைத்திருப்பவரோ தம் கையில் ஆயுள்கால விசா இருப்பதால் எந்த வேலையையும் செய்யலாம் என்று நம்பிவிடுகிறார். 2021ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, ஓசிஐ அட்டைதாரர் எந்த நோக்கத்துக்காகவும் இந்தியாவுக்கு வரலாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே சில செயல்களுக்குச் சிறப்பு அனுமதி பெற வேண்டும் என்கிறது. ஆராய்ச்சி, மதப்பரப்புப் பணி, மலையேற்றம் ஆகியவற்றோடு பத்திரிகைப் பணியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய பிரெஞ்சுப் பத்திரிகையாளர் வனேஸா டூன்யாக் ஓசிஐ அட்டையை ரத்து செய்வது குறித்த அறிவிப்பைப் பெற்று, 2024 பிப்ரவரியில் நாட்டைவிட்டுப் புறப்பட்டது செய்திகளில் வந்தது நினைவிருக்கலாம். அந்த முடிவு சரியா தவறா என்பது இங்கே என் வேலையன்று. அட்டை இருப்பதும் அனுமதி இருப்பதும் வேறு வேறு என்பதை மட்டும் அந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "சார், என் தங்கச்சி பொண்ணு லண்டன்லேருந்து கல்யாணத்துக்கு வந்துச்சு. ஏர்போர்ட்ல சாமானைப் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்களாம். கொஞ்சம் என்னான்னு பாக்கிறீங்களா?" என்றார். மறுநாள் அந்தப் பெண்ணே நேரில் வந்தார். அங்குள்ள ஒரு சிறிய இணையச் செய்தி நிறுவனத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் காணொளி தயாரிப்பவர். ஆம்பூரில் உறவினர் திருமணம் முடிந்ததும் ராணிப்பேட்டை குரோமியக் கழிவைப் பற்றி ஒரு வாரம் படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம் என்பது அவர் திட்டம். ஒரு சினிமா கேமரா, மூன்று லென்ஸ்கள், கம்பியில்லா மைக் தொகுதி ஒன்று, மடிக்கணினி, ஒரு ட்ரோன் ஆகியவற்றோடு சென்னையில் இறங்கியிருக்கிறார்.

அவர் செய்த நல்ல காரியம் ஒன்றே ஒன்று: சுங்கத்தில் பொருள்களை அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இதன் மதிப்பு பலருக்குப் புரிவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சுங்கச் சட்டத்தின் 77ஆவது பிரிவு, பயணி தம் மூட்டையில் உள்ளவற்றை அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும் என்கிறது. அப்படி உண்மையாக அறிவித்த பொருள் வரிக்குரியதாகவோ இறக்குமதி தடை செய்யப்பட்டதாகவோ இருந்தால், பயணி கேட்டுக்கொள்ளும்போது அதைத் தற்காலிகமாக வைத்திருந்து, அவர் இந்தியாவைவிட்டுப் புறப்படும்போது திருப்பித் தர 80ஆவது பிரிவு வழி செய்கிறது. எதையும் அறிவிக்காமல் பச்சை வழியில் நடந்துபோய்ப் பிடிபட்டவருக்கு இந்தப் பிரிவு உதவாது. அங்கே பேச்சு பறிமுதல், அபராதம் என்ற திசையில் போய்விடும். ட்ரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி 9 அன்று தடை வந்துவிட்டது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டுமே, அதுவும் முன் அனுமதியோடு, விலக்கு உண்டு. ஆகவே இந்தப் பெண்ணின் ட்ரோன் உள்ளே வர வாய்ப்பே இல்லை. ஆனாலும் அவர் அறிவித்திருந்ததால் அது பறிபோகாமல் ரசீதோடு கிடங்குக்குப் போயிற்று.

மடிக்கணினியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பதினெட்டு வயது நிரம்பிய பயணிக்கு ஒரு மடிக்கணினி வரியின்றி அனுமதிக்கப்படுகிறது. கேமராவைப் பொறுத்தவரை நிலைமை வேறு. "இது என் தொழில் கருவி" என்று சொன்னால் சலுகை கிடைக்கும் என்று அவர் நினைத்திருந்தார். இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டின் பயணமூட்டை விதிகளில் தொழில் கருவி என்பதற்குத் தரப்பட்ட விளக்கம் தச்சர், குழாய்ப் பணியாளர், வெல்டர், கொத்தனார் முதலியோரின் கருவிகளையே குறித்தது. கேமரா, ஒலிப்பதிவுக் கருவி, கணினி போன்றவை சேராது என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். அந்த விதிகள் பின்னர் மாறிவிட்டன என்றாலும், கேமராக்காரர் தாமாகவே சலுகைக்குள் வந்துவிடுவார் என்று எண்ண வேண்டாம். அவர் கேட்க வேண்டியது சலுகையை அல்ல, மறு ஏற்றுமதிப் பதிவை. அதாவது இந்தப் பொருள் விற்பனைக்கல்ல, இன்ன தேதியில் என்னோடு திரும்பிப் போகும் என்ற பதிவை.

அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பெண்ணிடம் இருந்தது கைப்பேசியில் எழுதிய நான்கு வரிக் குறிப்பு. கேமராவின் மாதிரிப் பெயர் இருந்தது, வரிசை எண் இல்லை. அலுவலகக் கடிதத்தில் இரண்டு லென்ஸ், பெட்டியில் மூன்று. வாங்கிய ரசீது ஒன்றுகூட இல்லை. சுங்க அதிகாரி எதைப் பதிவு செய்வார்? கேமராவும் லென்ஸ்களும் மைக்கும் ட்ரோனோடு சேர்ந்து கிடங்குக்குப் போய்விட்டன.

அடுத்து அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். உண்மையான சிக்கல் அதில்தான் இருந்தது. பத்திரிகை என்ற சொல்லைத் தவிர்த்தால் கேள்வி வராது என்று யாரோ அறிவுரை கூறியிருக்கிறார்கள் போலும். "கலாசார உள்ளடக்கம் உருவாக்கும் பொருட்டுக் குடும்பப் பயணம்" என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். பத்திரிகைப் பணி என்றால் என்ன என்று அந்த 2021 அறிவிக்கை விளக்கம் தரவில்லை. விளக்கம் இல்லாத இடத்தில் சொல்லை மாற்றி எழுதுவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது நேர்மாறானது. பேட்டி எடுத்து வெளியிடும் நோக்கம் இருந்தால், அதை யூடியூபில் போட்டாலும் செய்தித்தளத்தில் போட்டாலும், பத்திரிகைப் பணி என்று கருதியே விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்னொரு குழப்பமும் உண்டு. நிறுவனம் தரும் கடிதத்தையும் அக்ரெடிடேஷன் என்கிறார்கள், பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபி தரும் அங்கீகாரத்தையும் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். முதலாவது உங்களை அனுப்பியவர் யார் என்று சொல்வது. இரண்டாவது அரசு உங்களை அங்கீகரித்தது. ஒன்றைக் காட்டி மற்றொன்று இருப்பதாகச் சொல்ல முடியாது. இரண்டுமே உள்துறையின் சிறப்பு அனுமதிக்கு மாற்றும் அல்ல.

நான் அவரிடம் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. திருமணத்துக்கு மட்டும் போங்கள், ராணிப்பேட்டையில் கைப்பேசியில்கூடப் பேட்டி எடுக்காதீர்கள் என்றேன். குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவின்படி ஓசிஐ பதிவையே ரத்து செய்ய முடியும். அதற்கு முன் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரப்படும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு வாரப் படத்துக்காக வாழ்நாள் அட்டையைப் பணயம் வைப்பது கணக்குக்கு ஒத்துவராது. அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

அதன்பின் வந்தது நான் எதிர்பாராத தொல்லை. பொருள்கள் இருந்தது சென்னையில். அவர் திரும்பும் விமானமோ பெங்களூரிலிருந்து. வேலூர்க்காரர்களுக்கு இது இயல்பு, எந்தப் பக்கம் டிக்கெட் மலிவோ அந்தப் பக்கம் போவோம். பயணச்சீட்டை மாற்ற ஆன செலவைக் கேட்டு அவர் மலைத்துப்போனார். இங்கே 80ஆவது பிரிவின் இரண்டாம் பாதி கைகொடுத்தது: பயணியால் புறப்படும்போது பொருளைப் பெற முடியாவிட்டால், அவர் அதிகாரமளித்த வேறொரு பயணி நாட்டைவிட்டுப் போகும்போது எடுத்துச் செல்லலாம், அல்லது அவர் பெயரில் சரக்காக அனுப்பலாம். அவருடைய அண்ணன் பத்து நாள் கழித்துச் சென்னையிலிருந்தே லண்டன் போவதாக இருந்தது. அதிகாரக் கடிதம், அவருடைய கடவுச்சீட்டு நகல், மூல ரசீது ஆகிய மூன்றையும் அண்ணனிடம் கொடுத்து, விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே போகச் சொன்னோம். பொருள்கள் முழுவதும் கைக்கு வந்தன.

மறு ஆண்டு அவர் முறைப்படி வந்தார். லண்டனில் உள்ள இந்தியத் தூதரகம் வழியாகச் சிறப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தார். பதில் வந்த பிறகே பயணச்சீட்டு எடுத்தார். இந்த முறை கடிதத்தை ஆசிரியரே எழுதினார். அந்தப் பெண் ஊழியர் அல்லர், ஒப்பந்தக்காரர் என்பதும், ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, வேலூர் என்ற இடங்களின் பெயர்களும், தொடக்க முடிவுத் தேதிகளும், செலவை ஏற்பவர் யார், படம் எங்கே வெளியாகும் என்பதும் வெளிப்படையாக இருந்தன. படம் எதைப் பற்றியது என்பதை ஒரு பத்தியில் மழுப்பாமல் சொல்லியிருந்தார். வேலூர்க் கோட்டை இரண்டு நிமிடம் வரும் என்பதால் அதைத் தனி வரியில் குறிப்பிடச் சொன்னேன். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அங்கே படப்பிடிப்புக்கு அத்துறையின் அனுமதி தனியாக வேண்டும்.

கருவிப் பட்டியல் அந்தக் கடிதத்தின் இணைப்பாக, ஒரே தேதியில், ஒரே கையொப்பத்தோடு வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தயாரிப்பாளர், மாதிரி, வரிசை எண், வாங்கிய ஆண்டு, இன்றைய மதிப்பு. வரிசை எண்ணை அட்டைப்பெட்டியிலிருந்து எழுதாதீர்கள், பொருளின் மேலிருந்து எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். பழுதுக்கு அனுப்பி மாற்றித் தரப்பட்ட ஒரு லென்ஸின் எண் பெட்டியோடு ஒத்துப்போகவில்லை என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. மைக்கில் பிரிட்டனில் பயன்படுத்தும் அலைவரிசைத் தொகுதியை விட்டுவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் சிறிய தொகுதியைக் கொண்டு வந்தார். செயற்கைக்கோள் தொலைபேசி வேண்டுமா என்று கேட்டார். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதைக் கையில் வைத்திருப்பதே வழக்கில் முடியும் என்றேன். ட்ரோன் லண்டனிலேயே இருந்தது. மேலிருந்து எடுக்கும் காட்சிக்கு உரிமம் பெற்று ட்ரோன் இயக்கும் உள்ளூர்க்காரர் ஒருவரைப் பேசினோம். அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத்தளம் இருப்பதால், அவர் முதலில் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து பார்த்த பிறகே தேதி கொடுத்தார்.

சென்னையில் இறங்கியபோது சிவப்பு வழியில் நாற்பது நிமிடம் ஆயிற்று. அதிகாரி ஒவ்வொரு எண்ணையும் பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மறு ஏற்றுமதிக்கான உறுதிமொழியை வாங்கிக்கொண்டு பட்டியலின் நகலில் முத்திரையிட்டுத் தந்தார். திரும்பும் நாளில் அவர் பெட்டிகளை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்னதாகவே சுங்க மேசைக்குப் போனார். பெட்டி உள்ளே போய்விட்டால் எதைக் காட்டி எண்ணைச் சரிபார்ப்பது? இந்த முறை டிக்கெட்டும் சென்னையிலிருந்துதான் எடுத்திருந்தார்.